ஒரு தையற்கடை, மூன்று வெளிச்சங்கள்: ஏஐ படத்தில் ஒளிச் சொற்கள் செய்யும் வேலை

ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். ஐம்பது வயது தாண்டிய தையற்காரர், கால்மிதி மெஷின், துணி அடுக்கிய சின்னக் கடை. முதல் படம் போனதும் பதிப்பாளர் போனில் சொன்னார்: "ஆளும் கடையும் நல்லா வந்திருக்கு. வெளிச்சத்தை மட்டும் மாத்தி மூணு விதமா அனுப்புங்க. ஒண்ணு சாயங்கால வெயில், ஒண்ணு தலைமுடி ஓரத்துல கோடு மாதிரி விழுமே அது, இன்னொண்ணு ஸ்டூடியோ மாதிரி மெதுவா."

புகைப்படக்காரரிடம் இதைச் சொன்னால் விளக்கை நகர்த்துவார், அல்லது மாலை வரை காத்திருப்பார். ஆளும் கடையும் அப்படியே இருக்கும். எழுத்திலிருந்து படம் உண்டாக்கும் மாடலிடம் சொன்னால் ஆளே மாறிவிடுவார், கடையின் சுவர் காணாமல் போகும். அது ஏன் நடக்கிறது, 'வெளிச்சத்தை மட்டும்' என்ற கேட்பை எவ்வளவு தூரம் நிறைவேற்ற முடியும் என்பதை இந்த ஒரு அட்டைப்படத்தை வைத்தே பார்க்கலாம்.

அடிப்படைப் படம்

பயன்படுத்தியது ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல், 2023 ஜூலையில் வெளியான மாடல். சொந்தக் கணினியில் ஓட்டலாம், ஒவ்வொரு திருகையும் தனியாகத் தொடலாம் என்பதால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வசதியானது. மாடலுக்கு எழுதிக் கொடுத்த விவரணை, அதாவது ப்ராம்ப்ட் இது; வெளிச்சத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை:

```
photo of a tailor in his fifties, deep brown skin, grey hair,
white shirt, sitting at a black treadle sewing machine,
small tailoring shop, stacks of cloth on wooden shelves,
eye level, 50mm
```

```
Steps: 30, Sampler: DPM++ 2M Karras, CFG scale: 6
Seed: 41207, Size: 1024x1024
```

சீட் எண்ணைப் பூட்டுவதுதான் முதல் வேலை. மாடல் ஒவ்வொரு படத்தையும் தாறுமாறான புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறது; எந்தப் புள்ளிக் கூட்டம் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. எண்ணும் மற்ற அமைப்புகளும் மாறாமல் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தால், வரும் வேறுபாடு அந்தச் சொல்லால் வந்தது என்று சொல்லலாம். எண்ணைப் பூட்டாமல் 'இந்தச் சொல் போட்டேன், படம் அழகாயிடுச்சு' என்பதில் பொருளில்லை.

ஆனால் எண்ணைப் பூட்டியதால் ஆளும் இடமும் அப்படியே நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. புள்ளிக் கூட்டம் படமாகத் தெளியும் 30 படிகளிலும், படத்தின் எல்லா மூலைகளிலும் ப்ராம்ப்டின் ஒவ்வொரு சொல்லும் கை வைக்கிறது. 'இந்தச் சொல் வெளிச்சத்துக்கு, இது நாற்காலிக்கு' என்று பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு உள்ளே கிடையாது.

ஒளிச் சொல் இல்லாத படத்திலும் ஒரு வெளிச்சம் இருந்தது: முன்பக்கத்திலிருந்து பரவலாக, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி. அலமாரித் தட்டுகளும் முகமும் ஒரே அளவு வெளிச்சம். மெஷினுக்கு அடியில் மட்டும் மங்கலாக ஒரு நிழல். எதுவும் சொல்லாவிட்டால் மாடல் எல்லாவற்றையும் கலந்த சராசரிக்குப் போய் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த மூன்று மாற்றங்களையும் அளக்க முடியும்.

கோல்டன் ஹவர்: வெயிலோடு வந்த வயல்வெளி

சாயங்கால வெயிலுக்காக ப்ராம்ப்டின் கடைசியில் `golden hour` சேர்த்ததும், பின்சுவர் இருந்த இடத்தில் அகலமான திறப்பு வந்தது. அதற்கு வெளியே மங்கலாக மரங்கள், நடுவில் சூரியன். துணி அடுக்குகள் பாதிக்கு மேல் மறைந்தன. வெள்ளைச் சட்டை மஞ்சளானது. பின்னணி முழுக்கக் குழைந்து மங்கியது. தையற்காரர் வேலையை விட்டுவிட்டு லேசாகத் தலையைத் திருப்பி எங்கோ பார்க்கிறார்.

நாம் கேட்டது ஒரு நிறம், ஒரு திசை. வந்தது ஒரு வகைப் புகைப்படம். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் பயின்றது இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றின் ஆங்கிலக் குறிப்புகளையும் வைத்து. யார் தன் படத்துக்கு கோல்டன் ஹவர் என்று எழுதுவார்கள்? கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் எடுப்பவர், கடற்கரையில் படம் எடுப்பவர், புல்வெளியில் பெண்ணை நிறுத்திச் சூரியனைப் பின்னால் வைப்பவர். தையற்கடைக்குள் எடுத்த படத்துக்கு அந்தக் குறிப்பை எழுதுபவர் அரிது. ஆகவே மாடலுக்கு அந்தச் சொல் வெறும் வெயிலாகத் தெரியாது. வெட்டவெளி, பின்னால் சூரியன், மங்கலான பின்னணி, எங்கோ பார்க்கும் முகம் என்ற மொத்த மூட்டையாகவே தெரியும்.

அந்த மூட்டையில் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியானால் முகம் இருட்டாக இருக்க வேண்டும். படத்திலோ முகம் பளிச்சென்று இருந்தது. அசல் போட்டோஷூட்டில் முன்னால் ஒருவர் ரிஃப்ளெக்டர் பிடித்திருப்பார், அல்லது ஃப்ளாஷ் லேசாகப் போட்டிருப்பார்கள். மாடல் பயின்ற படங்களில் அந்த உதவி வெளிச்சம் உண்டு, அதைப் பிடித்திருப்பவர் சட்டகத்துக்கு வெளியே. அதனால் காரணம் இல்லாத வெளிச்சம் முகத்தில் விழுகிறது.

இந்த வகைப் படத்தை நம்பலாமா என்று பார்க்க நிழல் நல்ல அளவுகோல். பொதுவாகச் சூரியன் அடிவானத்துக்கு மேலே சுமார் 6 பாகை உயரத்துக்கு இறங்கிய பிறகுள்ள நேரத்தைத்தான் கோல்டன் ஹவர் என்கிறார்கள். 6 பாகையில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஒன்பதரை மடங்கு நீளும். வேறுவிதமாகச் சொன்னால், கதவு வழியே நுழையும் கதிர் மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்தான் இறங்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மெஷினின் தலை இருக்கிறது, பின்சுவர் மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், மெஷினின் நிழல் தரையில் முடியாது. சுவரில் ஏறி எழுபது சென்டிமீட்டர் உயரம் வரை போகும். நமக்கு வந்த படத்தில் மெஷினுக்குக் கீழே ஒரு கையளவு நிழல், அதுவும் சூரியன் இருக்கும் பக்கமாகவே சாய்ந்து. நிறம் மாலை ஆறு மணி, நிழல் நண்பகல்.

இதில் எனக்கு உறுத்திய வேறொரு விஷயமும் உண்டு. நம் ஊர்க் கடைத்தெருவில், எதிரே பத்து மீட்டர் தள்ளி ஒரு மாடி வீடு நின்றால், சூரியன் 30 பாகைக்கு இறங்கும்போதே அதற்குப் பின்னால் போய்விடும். கடைசி அரைமணி நேர வெயில் அந்தக் கடைக்குள் நேராக வரவே வராது. வானத்திலிருந்தும் எதிர்ச் சுவரிலிருந்தும் தெறித்த மங்கல் வெளிச்சம்தான் வரும். கடை மேற்கு பார்த்து, எதிரே திறந்த இடம் இருந்தால்தான் பதிப்பாளர் கேட்ட சாயங்கால வெயில் சாத்தியம். இதை நாம்தான் முடிவு செய்து எழுத வேண்டும், மாடல் யோசிக்காது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, வெயில் எப்படி விழுகிறது என்று விவரித்துப் பார்த்தேன்:

```
low warm evening sunlight entering through an open shop door,
long shadow of the sewing machine stretching across the floor
and up the back wall
```

சுவர் திரும்ப வந்தது. மரங்கள் போயின. நிழல் கணக்குக்குச் சரியாக வரவில்லை என்றாலும் நீண்டது, ஒரே திசையில் விழுந்தது. கொஞ்சம் பொன்னிறம் வேண்டும் என்றால் `(golden hour:0.6)` என்று எடையைக் குறைத்து ஒட்டலாம். 1.2, 1.3 என்று ஏற்றினால் மூட்டை முழுவதும் மறுபடி வந்து சேரும்.

சாஃப்ட்பாக்ஸ்: விளக்கே வந்து நின்றது

மூன்றில் மிகத் தெளிவாகத் தவறியது இதுதான். ஸ்டூடியோ மாதிரி மென்மையான வெளிச்சத்துக்காக `softbox lighting` சேர்த்த படத்தில், தையற்காரருக்கு வலப்பக்கம் கறுப்புக் கால்களில் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. சாஃப்ட்பாக்ஸேதான். வேறு சீட் எண்களில் பெட்டி வராதபோது கடை காணாமல் போய், சாம்பல் நிறக் காகிதப் பின்னணி வந்தது. மெஷின் ஏதோ விற்பனைக்கு வைத்த பொருள்போலப் பளபளத்தது.

காரணம் மறுபடியும் படக்குறிப்புகள்தான். சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்த நல்ல உருவப்படத்துக்கு யாரும் அந்தச் சாதனத்தின் பெயரைக் குறிப்பாக எழுதுவதில்லை. ஆளின் பெயரை எழுதுவார்கள். சாதனத்தின் பெயர் எங்கே எழுதப்படுகிறது? சாதனத்தை விற்கும் பக்கத்திலும், 'எப்படி எடுத்தோம்' என்று காட்டும் படங்களிலும். அங்கே படத்தின் பொருளே அந்தப் பெட்டி. அதனால் மாடல் பெட்டியை வரைவது அதன் பார்வையில் சரியான விடைதான்.

வேண்டாதவற்றை எழுதும் எதிர்மறை ப்ராம்ப்டில் `softbox` என்று போட்டால் பெட்டி போய்விடும் என்று சிலர் சொல்வதுண்டு. மேலே வேண்டும் என்றும் கீழே வேண்டாம் என்றும் ஒரே சொல்லைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது பழைய சராசரி வெளிச்சம். எதிர்மறையில் `light stand, studio backdrop, photography equipment` என்று சுற்றியுள்ளவற்றைச் சொல்வது கொஞ்சம் உதவுகிறது. மேலே இருக்கும் சொல்லை மாற்றுவதுதான் முழுத் தீர்வு.

மாற்றுவதற்கு சாஃப்ட்பாக்ஸ் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சின்ன விளக்கின் ஒளியை ஒரு பெரிய வெள்ளைத் துணியில் பரப்புகிறது. ஒளி வரும் பரப்பு ஆளோடு ஒப்பிடப் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் குழையும். 60க்கு 90 சென்டிமீட்டர் பெட்டி முகத்திலிருந்து ஒரு மீட்டரில் இருந்தால் மென்மை. அதே பெட்டியை நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் நிழல் ஓரம் நறுக்கென்று விழும். மென்மை பெட்டியில் மட்டும் இல்லை, தூரத்திலும் இருக்கிறது. ப்ராம்ப்டில் எழுதும் ஒற்றைச் சொல்லுக்குள் அந்தத் தூரம் அடங்காது.

தூரம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. பக்கத்தில் வைத்த விளக்கின் ஒளி வேகமாகக் குறையும். முகம் ஒரு மீட்டரிலும் துணி அலமாரி இரண்டு மீட்டரிலும் இருந்தால், அலமாரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது புகைப்படக்காரர் கணக்கில் இரண்டு ஸ்டாப் குறைவு. நிஜப் படத்தில் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிவது பெரும்பாலும் இதனால்தான். மாடல் தந்த படத்தில் அலமாரி முகத்தைப் போலவே வெளிச்சமாக இருந்தது. நிழல் ஓரம் மென்மை, ஆனால் ஒளி எங்கும் குறையவில்லை: மேகமூட்டமான நாளில் வெட்டவெளியில் நிற்கும் வெளிச்சம் அது, அறைக்குள் வைத்த விளக்கின் வெளிச்சம் அல்ல.

விளைவைச் சொல்லும் வாக்கியங்கள் சரியாக வேலை செய்தன. `large window close to his face, soft shadow edges, shelves falling into shade` என்று எழுதியதும் கடை கடையாகவே இருந்தது, அலமாரியும் இருட்டுக்குள் இறங்கியது. தையற்கடைக்கு ஜன்னல் பொருந்தும், ஸ்டூடியோ விளக்கு பொருந்தாது. இடத்தில் இயல்பாக இருக்கக்கூடிய ஒளி மூலத்தின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் பாதி வேலையை முடித்துவிடும். அலமாரி இன்னும் இருண்டிருக்கலாம் என்று தோன்றினால் கடைசிப் பகுதியின் எடையை 1.2 ஆக்கிப் பார்க்கலாம்.

சரிபார்க்கக் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளி மூலம் கருவிழியில் சின்ன வெள்ளையாகத் தெரியும். ஜன்னலோ பெட்டியோ என்றால் சதுரமாக. இரண்டு கண்ணிலும் அது ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும், நிழல் விழும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில். இடது கண்ணில் வட்டம், வலது கண்ணில் இரண்டு கோடு என்று வருவது சாதாரணம். அட்டை அளவில் அச்சிட்டால் அது கண்ணில் படும்.

தோலின் நிறம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். சாஃப்ட்பாக்ஸ் என்ற சொல் வந்ததும் தையற்காரரின் தோல் வெளுத்தது. ப்ராம்ப்டில் `deep brown skin` அப்படியே இருக்கிறது, சீட் எண்ணும் அதேதான். நெற்றியில் நிழல் பக்கத்தில் ஒரே இடத்தைத் தொட்டு, படத் தொகுப்பு மென்பொருளில் நிறத்தை எடுத்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே இல்லை. சுருக்கங்களும் குறைந்திருந்தன. ஸ்டூடியோ உருவப்படம், அழகுசாதன விளம்பரம் ஆகியவற்றின் பழக்கம் அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது.

வெளிச்சம் கூடினால் தோலும் வெளுப்பாகத் தெரியத்தானே செய்யும் என்று கேட்கலாம். சட்டையைப் பாருங்கள். வெளிச்சம் கூடியிருந்தால் சட்டையும் அதே அளவு ஏறியிருக்கும். சட்டை இருந்த இடத்திலேயே இருக்க, தோல் மட்டும் ஏறினால், மாறியது ஆள். நம் கதையின் தையற்காரர் வேறொருவராக அட்டையில் வருவதை நான் ஏற்க மாட்டேன்.

கறுத்த தோலை நன்றாகக் காட்டுவது பரவலாகப் பாய்ச்சும் வெளிச்சம் அல்ல, ஓரமாக வந்து தோலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். கன்ன எலும்பு, மூக்கு, நெற்றி ஆகியவற்றில் விழும் பளபளப்புத்தான் முகத்தின் வடிவத்தைச் சொல்கிறது. மற்ற இடம் ஆழமான நிறமாகவே இருக்கலாம். `highlight on the cheekbone, skin staying deep brown in the shadows` என்று எழுதியபோது தோல் அதன் நிறத்துக்குத் திரும்பியது. பொன்னிற மாலை வெளிச்சத்திலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். அங்கே தோல் ஆரஞ்சுப் பக்கம் ஓடும்.

ரிம் லைட்: இருட்டும் கூடவே

பதிப்பாளர் 'தலைமுடி ஓரத்துல கோடு' என்றது ரிம் லைட்டை. ஆளுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் விளக்கு இருந்தால் முடியிலும் தோளிலும் ஒரு வெளிச்சக் கோடு விழும். `rim light` சேர்த்ததும் கோடு வந்தது. கூடவே கடை முழுக்க இருண்டது, ஒரு தோளில் நீலம், இன்னொரு தோளில் ஆரஞ்சு. படம் புகைப்படமாக இல்லாமல் கணினி விளையாட்டின் கதாபாத்திரம் போல ஆனது. முப்பரிமாண உருவங்களையும் டிஜிட்டல் ஓவியங்களையும் செய்பவர்கள் தங்கள் படக்குறிப்பில் அதிகம் எழுதும் சொல் இது என்பதால் அந்தப் பாணியும் சேர்ந்து வருகிறது.

பின்னணி இருண்டதை மட்டும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஓரக் கோடு தெரிய வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் கோட்டைவிட இருட்டான ஏதாவது இருந்தாக வேண்டும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் ரிம் லைட் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

தவறு கோட்டின் தன்மையில் இருந்தது. தலை, காது, கழுத்து, தோள், முழங்கை எல்லாவற்றையும் சுற்றி ஒரே தடிமனில் போனது. நிஜத்தில் விளக்கு இருக்கும் பக்கம்தான் கோடு விழும். காதுக்குக் கீழே உடையும், காலர் மடிப்பில் அகலும், நரைமுடியில் சிதறும், வெள்ளைச் சட்டையில் தோலைவிடப் பிரகாசமாக இருக்கும். சுற்றிலும் ஒரே தடிமனில் ஓடும் கோடு ஒளி அல்ல, வெளிவரைகோடு.

பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயன்படுத்துபவர்களுக்கு இங்கே வேறொரு தொல்லை உண்டு: இருட்டு வரவே வராது. கறுப்புப் பின்னணி என்று எவ்வளவு எழுதினாலும் சாம்பல் நிறம் வரும், அல்லது படத்தில் எங்காவது பெரிய வெளிச்சத் திட்டு வந்து ஈடுகட்டும். அதற்கும் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. பயிற்சியின்போது படத்தின் மேல் புள்ளிக் குழப்பத்தைப் படிப்படியாகச் சேர்க்கிறார்கள். கடைசிப் படியிலும் படம் முழுமையாக அழிவதில்லை, மொத்தத்தில் வெளிச்சமா இருட்டா என்ற தகவல் மிஞ்சிவிடுகிறது. மாடல் அந்த மிச்சத்தை நம்பிப் பழகிவிடுகிறது. நாம் படம் கேட்கும்போது தொடங்குவதோ சராசரியில் நடுத்தரமான வெறும் புள்ளிக் கூட்டம். ஆகவே முடிவும் நடுத்தர வெளிச்சத்திலேயே நிற்கிறது. 2023 ஜனவரியில் நிக்கோலஸ் குட்டன்பெர்க் இதை விளக்கி, பயிற்சியில் சேர்க்கும் புள்ளிகளோடு மொத்த வெளிச்சத்தையும் சற்று ஏற்றி இறக்கும் வழியை எழுதினார். எக்ஸ்எல் பயிற்சியில் அந்த வழியைச் சிறிய அளவில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் நம் கடை இருண்டது.

நிறம் தாமதமாக வரலாம், திசை வர முடியாது

சொல்லை விவரணையாக மாற்றிய பிறகும் ஆள் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தார். ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டப் பயன்படும் ஆட்டோமேடிக்1111 முகப்பில் இதற்கு ஒரு வழி உண்டு: ஒரு சொல்லைப் பாதி வழியில் நுழைப்பது.

```
[golden hour:0.3]
```

30 படிகளில் முதல் 9 படிக்கு அந்தச் சொல் இல்லை, பிறகுதான் சேரும். படத்தின் பெரிய அமைப்பு, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது, ஆரம்பப் படிகளில் உறைந்துவிடுகிறது. பின்னால் வரும் படிகள் நுணுக்கங்களைச் செய்கின்றன. இப்படிக் கொடுத்தபோது ஆள், மெஷின், அலமாரி எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. பொன்னிறமும் வந்தது.

ஆனால் வெளிச்சம் வரும் திசை மாறவில்லை. முன்பக்கப் பரவல் வெளிச்சத்துக்கு மஞ்சள் பூசியது போல இருந்தது. எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்ற பெரிய பிரிப்பும் அமைப்பின் ஒரு பகுதிதான்; அதுவும் முதல் படிகளிலேயே முடிவாகிவிடுகிறது. 0.1 என்று முன்னால் நகர்த்தினால் திசை கொஞ்சம் மாறும், ஆளும் மாறத் தொடங்குவார். அட்டைக்குத் தேவைப்பட்டது திசை மாற்றம் என்பதால் இந்த வழி போதவில்லை.

உருவத்தைப் பிடித்துவைத்து வெளிச்சத்தை விடுவிக்க, ஒரு படத்தின் அமைப்பை மாடலுக்கு வழிகாட்டியாகக் கொடுக்கும் கன்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவி உதவும். இதில் எந்த வகையை எடுப்பது என்பது முக்கியம். கேன்னி வகை படத்தின் ஓரக்கோடுகளை எடுக்கிறது. நிழலின் ஓரமும் அதற்கு ஓரம்தான். அதனால் பழைய நிழல்களும் கோடாகப் பதிந்து புதிய படத்துக்குள் வந்துவிடும், புது வெளிச்சம் அவற்றோடு சண்டை போடும். டெப்த் வகை எது அருகில், எது தொலைவில் என்பதை மட்டும் எடுக்கிறது. வெளிச்சம் அதில் பெரும்பாலும் பதிவதில்லை. அடிப்படைப் படத்திலிருந்து டெப்த் வரைபடத்தை எடுத்து, எடை 0.7, மொத்தப் படிகளில் 60 சதவீதத்தோடு நிறுத்தம் என்று வைத்தேன். மெஷினும் உட்காரும் விதமும் நின்றன. முகம் கொஞ்சம் மாறத்தான் செய்தது. ஆழத்தை வைத்து ஒருவரின் அடையாளத்தைப் பிடிக்க முடியாது.

திசைக்குச் சொற்களை நம்பவில்லை. இந்த மாடலின் எழுத்துப் பகுதி இடது, வலது விஷயத்தில் பலவீனமானது. `from the left` என்று எழுதினால் வலப்பக்கம் வெளிச்சம் வருவது சகஜம். அதனால் வெளிச்சத்தை வரைந்தே காட்டினேன்: 1024க்கு 1024 அளவில், இடப்பக்கம் வெளிர் மஞ்சளில் தொடங்கி வலப்பக்கம் கரும்பழுப்பில் முடியும் வெறும் நிறச்சரிவு. அதைத் தொடக்கப் படமாகக் கொடுத்து, அதை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் டீநாய்ஸிங் அளவை 0.85 ஆக்கி, மேலே டெப்த். 1 என்று வைத்தால் நிறச்சரிவு அழிந்துவிடும். 0.6க்கு இறக்கினால் அது பனிமூட்டம் போலப் படத்தின் மேலேயே நிற்கும். லுவ்மின் ஜாங் 2024இல் வெளியிட்ட ஐசி-லைட் கருவியில் இடது, வலது, மேல், கீழ் என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானும் அடிப்படையில் இதே மாதிரி ஒரு நிறச்சரிவைத் தொடக்கமாக வைப்பதுதான். அது ஆளைத் தனியே வெட்டியெடுத்து மறு வெளிச்சம் போடும். பின்னணியைப் புதிதாக உண்டாக்கிவிடும் என்பதால் கடை முக்கியமான இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டைக்குப் போன படம்

மூன்று விதமும் போனதும் பதிப்பாளர் ஓரக் கோடு உள்ளதைத் தேர்ந்தெடுத்தார், முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்றார். முன்னால் ஒரு விளக்கைச் சேர்த்தால் கடைக்குள் ஸ்டூடியோ வந்துவிடும். தையற்காரருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு ரிஃப்ளெக்டர் இருக்கிறது: மெஷின் மேல் விரித்த வெள்ளைத் துணி. பின்னாலிருந்து வரும் வெயில் அதில் பட்டுக் கீழிருந்து முகத்துக்கு ஏறும். அப்படியே எழுதினேன்:

```
evening sunlight from an open door behind him,
thin bright edge on his grey hair and one shoulder,
white cloth on the sewing table reflecting soft light onto his face,
skin staying deep brown, dim shelves in the background
```

ரிம் லைட், கோல்டன் ஹவர், சாஃப்ட்பாக்ஸ் என்ற மூன்று சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லை. மூன்றும் செய்யும் வேலை இருக்கிறது. தாடைக்குக் கீழே மெல்லிய வெளிச்சம், மூக்கின் நிழல் மேல்நோக்கி. கோடு ஒரு தோளில் மட்டும், காதுக்குக் கீழே உடைந்து. மெஷினின் கைச்சக்கரத்தில் அதே பக்கம் ஒரு பளபளப்பு. கருவிழிகளில் வந்த வெள்ளைப் புள்ளிகள் மட்டும் பொருந்தவில்லை. அந்தச் சிறு பகுதியை மறைத்து மறுபடி வரையவைக்க வேண்டியிருந்தது.

எக்ஸ்எல்லுக்குப் பின் வந்த மாடல்களில் நீளமான விவரணை இன்னும் நன்றாக எடுபடுகிறது. டால்-ஈ 3, ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 போன்றவற்றின் பயிற்சியில் இணையத்தில் கிடைத்த அரைகுறைக் குறிப்புகளுக்கு மாற்றாகவோ அவற்றோடு கலந்தோ, ஒவ்வொரு படத்துக்கும் இயந்திரம் எழுதிய நீண்ட விவரணைகளைச் சேர்த்தார்கள். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று சொல்லும் வாக்கியங்களை அந்த மாடல்கள் பார்த்துப் பழகியிருக்கின்றன. ஆனாலும் கோல்டன் ஹவர் என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டால் அங்கேயும் சூரியன் சட்டகத்துக்குள் வந்து நிற்க ஆசைப்படுகிறது.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த மாதிரிக் கடைகளில் சாயங்காலம் டியூப்லைட் எரியும். வெளியே 3000 கெல்வின் சுற்றிய மஞ்சள் வெயில், உள்ளே 6500 கெல்வின் நீல வெள்ளை. நிஜத்தில் சட்டையின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலம் கலந்தும் இருக்கும், இரண்டும் சேரும் இடம் துணி மடிப்புக்கு ஏற்ப மாறும். இரண்டையும் ப்ராம்ப்டில் எழுதினால் எக்ஸ்எல் நிறங்களைப் படம் முழுக்கக் கலந்து, குழாய் விளக்கைச் சுவரில் ஒரு பொருளாக வரைந்துவிட்டு, அதன் ஒளியை எங்கும் விழவிடாமல் விடுகிறது. பகுதி பகுதியாக மறைத்து வரையவைத்துப் பார்த்தால் அலமாரிப் பக்கம் நீலம் வருகிறது, சட்டையில் இரண்டும் சந்திக்கும் இடம் மட்டும் நறுக்கிய கோடாக நிற்கிறது. டியூப்லைட்டை அணைத்த கடையோடுதான் அட்டை அச்சுக்குப் போனது.